ஐந்தரை நிமிடத்துக்குப் பத்து வாரம்

ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்களில் ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு கயிறு இருக்கும். நேரம் முடிந்ததும் அதைக் குறுக்கே இழுத்துப் பிடித்துவிடுவார்கள். கயிற்றைத் தாண்டியவர் அடுத்த வரிசைக்குப் போவார். தாண்டாதவர் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் நடுவே சில நேரம் பத்தடி தூரம்கூட இருக்காது.

இந்த ஓட்டத்தின் தூரம் 1,600 மீட்டர். தரமான மைதானத்தில் சரியாக நான்கு சுற்று. அக்னிவீர் பொதுப்பணிப் பிரிவில் ஆண்கள் 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 5:31 முதல் 5:45 வரை வந்தால் 48. உடல் தகுதித் தேர்வின் மொத்தமான 100 மதிப்பெண்ணில் மீதி 40, கம்பியில் தொங்கி எழும் புல்-அப்ஸுக்கு. ராணுவக் காவல் பிரிவுக்கு வரும் பெண்களுக்கு இதே தூரத்துக்கு ஏழரை நிமிடம் முதல் நிலை, எட்டு நிமிடம் இரண்டாம் நிலை. ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலருக்கு 5:45, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஆறரை நிமிடம் என ஒவ்வொரு படைக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊர்க் காவலர் தேர்வில் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடினால் போதும். அதை எளிதாகத் தாண்டிய துணிச்சலோடு ராணுவ முகாமுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர். வரம்புகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையில் இருப்பதே செல்லும்.

ஐந்தரை நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 82 விநாடியும் அரையும். ஒரு சுற்று மட்டும் அந்த வேகத்தில் ஓடச் சொன்னால் ஓரளவு ஆரோக்கியமான பத்தொன்பது வயதுப் பையன் ஓடிவிடுவான். அதையே நிறுத்தாமல் நான்கு முறை செய்வதற்குத்தான் பத்து வாரம் வேண்டியிருக்கிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் மைதானத்தில், விடியுமுன் பயிற்சிக்கு வரும் இளைஞர்களை ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நான் நின்றிருந்தபோது ஒரு பையன் நான்கு சுற்று முடித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

"இன்னிக்கு எவ்வளவு தம்பி?"

"ஆறு பத்து சார்."

"நேத்து?"

"ஆறு எட்டு."

"போன மாசம்?"

கொஞ்சம் யோசித்து, "ஆறு அஞ்சு சார்" என்றான்.

"தெனமும் பரீட்சையே எழுதிட்டிருந்தா எப்பப்பா படிப்ப?"

ஹவில்தார் கேட்டது நம் மைதானங்களில் நடக்கும் மிகப் பெரிய தவற்றைப் பற்றி. காலை ஐந்து மணிக்கு வருவது, கையைக் காலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு நான்கு சுற்றையும் உயிரைக் கொடுத்து ஓடுவது, நேரம் பார்ப்பது, வீட்டுக்குப் போவது. இதைத்தான் வாரம் ஆறு நாள் செய்கிறார்கள். முதல் மூன்று வாரம் நேரம் குறையும். பிறகு அப்படியே நின்றுவிடும். அதன் பிறகு கூட ஆரம்பிக்கும். பையன் தனக்கு ஸ்டாமினா இல்லை என்று முடிவு கட்டிவிடுவான். அவனிடம் ஸ்டாமினா இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது வளர வேண்டிய வழியை அவனே அடைத்து வைத்திருக்கிறான்.

ஏன் என்று புரிய, தசைக்கு ஆற்றல் வரும் இரண்டு வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தையும் கொழுப்பையும் எரிப்பது. இது நிதானமானது, ஆனால் நெடுநேரம் தாங்கும். மற்றொன்று, ஆக்சிஜன் போதாதபோது குளுக்கோஸை அவசரமாக உடைத்து ஆற்றல் எடுப்பது. இது வேகமானது. ஆனால் இந்த வழியில் சேரும் கழிவுகள் தசை சுருங்குவதையே மட்டுப்படுத்திவிடும். தொடை கல்லாகிப்போவதாக ஓடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். 1,600 மீட்டர் குறைந்த தூரம் என்பதால் இது இரண்டாவது வழியின் ஓட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஐந்து, ஆறு நிமிட ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் முதல் வழியில்தான் வருகிறது.

அந்த முதல் வழியை அகலப்படுத்துவது மெதுவான ஓட்டம். வாரக்கணக்கில் மெதுவாக ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு வாரத்திலேயே கூடிவிடும். தசைக்குள் நடக்கும் மாற்றம் நன்றாகப் பிடிக்க ஐந்தாறு வாரமாவது ஆகும். எலும்பு அதைவிடத் தாமதமாகத்தான் பழகும். அழைப்புக் கடிதம் வந்த பிறகு இருபது நாளில் எதையும் பெரிதாக மாற்ற முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

6:10-இல் ஓடும் ஒருவர் பத்து வாரத்தில் 5:30-ஐக் குறிவைக்கிறார் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம்.

முதல் வேலை மைதானத்தை அளப்பது. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நானூறு மீட்டர் என்று சொல்லப்படும் சுற்று பெரும்பாலும் யாரோ ஒருவர் காலடியால் எண்ணியதாகத்தான் இருக்கும். கைப்பேசிச் செயலியும் சிறிய வளைவுகளில் தூரத்தைச் சரியாகக் காட்டாது. நில அளவைக்குப் பயன்படுத்தும் நீள டேப் ஒன்றை இரவல் வாங்கி ஒருமுறை சுற்றி அளந்துவிடுவது நல்லது. சுற்று 380 மீட்டர்தான் என்று தெரியவந்தால், அந்தப் பையன் இத்தனை நாளும் ஓடியது 1,520 மீட்டர். இந்த வேகத்தில் மீதி 80 மீட்டருக்குப் பதினேழு விநாடிக்கு மேல் ஆகும். பயிற்சியில் 5:30 ஓடியவர் முகாமில் 5:47-க்கு வந்து திகைத்து நிற்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை.

பிறகு ஒரே ஒரு சோதனை ஓட்டம். மொத்த நேரத்தோடு சுற்று வாரியான நேரத்தையும் நண்பர் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். நம் ஆளுக்கு வந்தது 80, 94, 101, 95 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 370 விநாடி, அதாவது 6:10. இரண்டு நாள் கழித்து, நன்றாக ஓய்வெடுத்த பிறகு, ஒரே ஒரு சுற்றை முழு வேகத்தில் ஓட வேண்டும். அது 66 முதல் 70 விநாடிக்குள் வந்தால் வேகம் போதுமானது, தாக்குப்பிடிக்கும் திறன்தான் குறை. 76-க்கு மேல் ஆனால் கதை வேறு. அப்படிப்பட்டவருக்கு 82 விநாடிச் சுற்று என்பதே முழு வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குறுகிய தூர வேகப் பயிற்சியையும் அவர் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆளுக்கு 69 வந்தது என்று கொள்வோம். அவர் குறை தெளிவாகிவிட்டது.

முதல் மூன்று வாரம் ஸ்டாப்வாட்சுக்கு ஓய்வு. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம், எல்லாமே மெது ஓட்டம். மெது என்றால் உண்மையாகவே மெது. ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம், கூடவோ குறையவோ பத்து விநாடி. பக்கத்தில் ஓடுகிறவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். துண்டு துண்டாகத்தான் பேச வருகிறது என்றால் வேகம் அதிகம். முதல் வாரம் 25 நிமிடம் ஓடினால் போதும். மூன்றாம் வாரத்தில் அது 35, 40 நிமிடமாகலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 50 நிமிடம்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தன்னைவிட நோஞ்சானாக இருப்பவன் முந்திப் போகும்போது மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்க ஒரு தனி மனவுறுதி வேண்டும். பெண் பிள்ளைகள் நடைப்பயிற்சி செய்யும் மைதானமாக இருந்தால் அந்த உறுதி இரட்டிப்பாக வேண்டும் என்று ஹவில்தார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேகம் மறந்துபோகாமலிருக்க, வாரத்தில் இரண்டு நாள் மெது ஓட்டம் முடிந்ததும் 80 மீட்டர் தூரத்தை ஐந்து முறை விரைவாக ஓட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அல்ல, தோளும் முகமும் தளர்ந்த நிலையில். திரும்பும்போது நடந்து வரலாம். புல்-அப்ஸ் பயிற்சியை இந்த மெது ஓட்ட நாட்களிலேயே வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கடின நாட்களில் உடம்பு அடிபடாது.

நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடினமாகும். மற்ற நாட்கள் முன்போலவே. செவ்வாய்க்கிழமை 400 மீட்டர் துண்டுகள். நான்காம் வாரம் ஆறு சுற்று, ஒவ்வொன்றும் 92 விநாடியில். அவருடைய இப்போதைய 6:10 வேகம்தான் அது. நடுவே இரண்டு நிமிடம் நடை. அடுத்த வாரம் ஏழு சுற்று, 91 விநாடியில். ஆறாம் வாரம் எட்டுச் சுற்று, 90 விநாடியில். முதல் இரண்டு துண்டும் அற்பமாகத் தோன்றும். தோன்றட்டும். கடைசித் துண்டை முதல் துண்டின் நேரத்திலேயே முடிப்பதுதான் இந்தப் பயிற்சியின் முழு நோக்கம். முதலாவது 84, கடைசியானது 99 என்று முடித்தவர் கடினமாக உழைத்திருப்பார், ஆனால் பயிற்சி கெட்டுவிட்டது. ஏதாவது ஒரு துண்டு குறித்த நேரத்தைவிட மூன்று விநாடிக்கு மேல் தாமதமானால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடலாம். உடம்புக்கு அன்று கொடுக்க வேண்டியது அதுவரை கொடுத்ததே போதும்.

வெள்ளிக்கிழமை, நிற்காமல் 15 முதல் 20 நிமிடம் சற்று அழுத்தமான ஓட்டம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் 55 விநாடி. இரண்டு மூன்று வார்த்தை பேசலாம், அதற்கு மேல் வராது. தசையில் கழிவு சேரும் வேகமும் அகலும் வேகமும் சமமாக இருக்கும் எல்லை இது. அந்த எல்லையை மேலே தள்ளிக்கொண்டே போவதால்தான் மூன்றாவது சுற்றில் கால் கல்லாவது தள்ளிப்போகிறது.

நான்காம் வாரக் கடைசியில் வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்குப் பதிலாக ஒரு சோதனை ஓட்டம், ஏழாம் வாரக் கடைசியில் இன்னொன்று. அவ்வளவுதான். முதல் சோதனையில் ஆறு நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்தால் திட்டம் சரியான பாதையில் போகிறது. நேரம் குறையவே இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: மெது ஓட்டம் மெதுவாக இல்லை, அல்லது தூக்கம் போதவில்லை. இரவுப் பணிக்குப் போய்விட்டு விடிகாலையில் மைதானத்துக்கு வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். அவர்கள் கடினப் பயிற்சியை விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பிறகும் தேறவில்லை, மெதுவாக ஓடினாலே மேல்மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகை இருக்கும் உடம்பில் எந்தப் பயிற்சியும் ஏறாது. பெண்கள் இதைப் பயிற்சி தொடங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

இந்த நேரத்தில்தான், அதாவது இரண்டாம் வாரத்துக்கும் ஐந்தாம் வாரத்துக்கும் இடையில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்ளோரத்தில் வலி தொடங்கும். நுரையீரலும் தசையும் வேகமாகத் தேறிவிடுகின்றன, எலும்பு பின்தங்கி நிற்கிறது. சிமென்ட் சாலையில் ஓடுவது, அடிப்பகுதி தேய்ந்த ஷூ, ஓட்டத் தூரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்குவது எல்லாம் இதைக் கிளப்பிவிடும். வெறுங்காலில் பழக்கமில்லாதவர் ஒரே நாளில் வெறுங்காலுக்கு மாறினாலும் இதே கதைதான். வலி எலும்போரமாக நாலைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவியிருந்து, உடம்பு சூடானதும் குறைகிறது என்றால் சில நாள் ஓட்டத்தைக் குறைத்து, மண் தரைக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலி ஒரே புள்ளியில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி இருந்து, ஓட ஓடக் கூடி, ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறது, அந்தக் காலால் ஒற்றைக் காலில் குதிக்க முடியவில்லை என்றால் அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடக்கூடாது. எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். விரிசலோடு ஓடினால் இந்த முகாம் மட்டுமல்ல, அடுத்த முகாமும் போய்விடும்.

ஏழாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை இலக்கின் வேகம். இப்போது துண்டுகளின் எண்ணிக்கை குறையும், வேகமும் ஓய்வும் கூடும். ஏழாம் வாரம் 400 மீட்டர் ஐந்து முறை, 84 விநாடியில், நடுவே மூன்று நிமிட ஓய்வு. எட்டாம் வாரம் 800 மீட்டரை 2 நிமிடம் 48 விநாடியில் ஓடி, ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, மேலும் மூன்று 400. அவை 82 விநாடியில். வெள்ளிக்கிழமை நிதான அழுத்த ஓட்டத்துக்குப் பதில் 200 மீட்டர் எட்டு முறை, 38 அல்லது 39 விநாடியில், மீதி 200 மீட்டரை நடந்து கடக்கலாம். 38 விநாடிக்குப் பழகிய காலுக்கு 41 விநாடி நிதானமாகத் தெரியும். ஐந்தரை நிமிட ஓட்டத்தின் வேகம் 200 மீட்டருக்கு 41 விநாடிதான்.

ஒன்பதாம் வாரத்தில், தேர்வுக்கு எட்டு நாள் முன்பாக, உண்மையைச் சொல்லும் ஓட்டம் ஒன்று இருக்கிறது. 1,200 மீட்டர், மூன்றே சுற்று, இலக்கின் வேகத்தில். 4 நிமிடம் 8 விநாடியில் முடித்து, இன்னும் ஒரு சுற்று இழுத்துப்பிடித்து ஓடியிருக்கலாம் என்று தோன்றினால் 5:30 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 4:14 ஆகி, முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டால் நிஜமான இலக்கு 5:40-க்கும் 5:45-க்கும் நடுவில்தான். அதை ஒத்துக்கொள்வதில் லாபம் உண்டு. 5:42-க்குத் தக்கபடி சீராக ஓடுகிறவருக்கு 48 மதிப்பெண் உறுதி. ஆசைப்பட்டு 5:30 வேகத்தில் கிளம்பினால் கடைசிச் சுற்றில் 5:50-க்குச் சரிந்துவிடலாம்.

பத்தாம் வாரம் ஓட்டம் பாதியாகக் குறையும். இந்த வாரத்தில் செய்யும் எதுவும் திறனைக் கூட்டாது, களைப்பை வேண்டுமானால் கூட்டும். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு 82 விநாடியில் மூன்றே மூன்று சுற்று, நடுவே தாராளமாக நான்கு நிமிட ஓய்வு. அதன் பிறகு 20 நிமிட மெது ஓட்டங்கள். முந்தைய நாள் முழு ஓய்வும் எடுக்கலாம், பத்து நிமிடம் காலை அசைத்துவிட்டும் வரலாம்.

ஓடும் நாளில் கவனிக்க வேண்டியது முதல் 200 மீட்டர். ஒரு குழுவில் நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் நூறு மீட்டர்ப் பந்தயம் போலப் பாய்வார்கள். ஓடத் தொடங்கியதும் உடம்பின் ஆக்சிஜன் வழி முழுமையாகத் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பாய்ந்தால் ஆற்றல் முழுவதும் அந்த இரண்டாவது வழியில்தான் வந்தாக வேண்டும். அதன் விலையை மூன்றாவது சுற்றில் கொடுக்க வேண்டியிருக்கும். 5:30 ஓடும் தகுதி உள்ள ஒருவர் முதல் சுற்றை 72-இல் ஓடிவிட்டால் பிறகு 84, 93, 90 என்று போவது சாதாரணம். கூட்டிப் பாருங்கள், 5:39. அதே ஆள் 81, 83, 85, 81 என்று ஓடியிருந்தால் சரியாக 5:30. உடம்பு ஒன்றுதான், பயிற்சியும் ஒன்றுதான். போனது பன்னிரண்டு மதிப்பெண்.

ஆனால் நெரிசலில் பின்னால் மாட்டிக்கொண்டாலும் நஷ்டம்தான். ஓடுதளத்தில் ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். உள்தடத்திலிருந்து ஒரு தடம் வெளியே தள்ளி ஒரு சுற்று ஓடினால் ஏழரை மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியதாகிறது. மூன்றாவது தடத்திலேயே நான்கு சுற்றும் ஓடினால் 60 மீட்டர் அதிகம், அதாவது பன்னிரண்டு விநாடி. இந்தக் கூடுதல் முழுவதும் வளைவுகளில்தான் சேருகிறது, நேர்க்கோட்டில் எந்தத் தடத்தில் ஓடினாலும் தூரம் ஒன்றுதான். ஆகவே முந்துவதென்றால் நேர்க்கோட்டில் முந்த வேண்டும். வளைவில் பொறுத்துக்கொண்டு உள்பக்கம் ஒட்டி ஓட வேண்டும். தொடக்கத்தில் முன்வரிசையில் இடம் பிடித்து, முதல் வளைவுக்குள் உள்தடத்துக்கு வந்துவிட்டு, உடனே இலக்கின் வேகத்துக்கு அடங்கிவிடுவது கைதேர்ந்தவர்கள் செய்வது. முதல் சுற்றில் முப்பது பேர் முன்னே போனால் பதற வேண்டாம். அவர்களில் பாதிப் பேரை மூன்றாவது சுற்றின் பின்பகுதியில் தாண்டுவீர்கள்.

முகாம்களில் நள்ளிரவிலேயே வரிசையில் நிற்க வைத்து, ஓட்டம் விடியும் வேளையில் நடப்பது வழக்கம். வெறும் வயிற்றில் நிற்கக் கூடாது. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழமோ நாலைந்து ரொட்டித் துண்டோ போதும், தண்ணீர் சிறிது சிறிதாக. புதிதாக எதையும் அன்றைக்குச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது. குழுவை அழைப்பதற்கு முன் கிடைக்கிற இடத்தில் பத்து நிமிடம் மெதுவாக ஓடி, மூன்று நான்கு முறை ஐம்பது மீட்டர் விரைவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இடமே இல்லை என்றால் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி ஓடலாம். குளிர்ந்த உடம்போடு கோட்டில் நிற்பது எல்லாவற்றையும்விட மோசம்.

மைதானத்து ஓரங்களில் சிலர் ஊசியும் மாத்திரையும் விற்கிறார்கள். குறைந்த ரத்த அழுத்தத்துக்கு மருத்துவமனையில் போடும் மெஃபென்டெர்மின் ஊசியை ஸ்டாமினா ஊசி என்று ஏமாற்றி விற்பது வட மாநிலங்களில் தொடங்கி இங்கேயும் வந்திருக்கிறது. அது இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் எகிறச் செய்யும். வெயிலில், நீர் வற்றிய உடம்பில், முழு வேகத்தில் ஓடும்போது அது கொல்லவும் கூடும். 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்காக நடத்தப்பட்ட பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். புழுக்கமும் கடும் ஓட்டமும் சேர்ந்தால் மருந்தே இல்லாமலும் உயிருக்கு ஆபத்து வரலாம். ஓடும்போது நெஞ்சு அழுத்தியது, கண் இருட்டி விழுந்தது, குடும்பத்தில் யாரோ இளவயதில் திடீரென்று இறந்தது என்று ஏதாவது இருந்தால் பயிற்சியின் முதல் நாளுக்கு முன்பே ஒரு இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்து தேறிய வாரத்தில் கடினப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

பத்து வாரத்தில் எவ்வளவு குறையும் என்று கேட்டால், 6:10-இல் தொடங்கி ஒரு வாரமும் விடாமல் செய்கிறவருக்கு முப்பது, நாற்பது விநாடி குறைய வாய்ப்பு உண்டு. சிலருக்கு இருபதோடு நின்றுவிடும். 7:15-இல் தொடங்குகிறவர் இந்தத் திட்டத்தால் 5:45-ஐ எட்டுவது அரிது. அவர் வரப்போகும் முகாமை ஒரு பழக்கத்துக்கு ஓடிவிட்டு, அடுத்த ஆண்டின் முகாமுக்கு இப்போதே மெது ஓட்டத்தைத் தொடங்குவதுதான் நியாயமான வழி. வயது வரம்பு அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் அறிவிக்கையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.